அடுத்த வாரத் தேர்வறைக் கண்காணிப்புப் பணி

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

தேர்வு தினமும் காலை 10.00 மணிக்குத் தொடங்குகிறது. பணியில் உள்ளோர் 9.15 மணிக்குள் தேர்வு அலுவலகத்தில் கையொப்பமிட்டு, 9.40 மணிக்கு அறையில் இருக்க வேண்டும். சென்ற வாரம் ஓர் அறையில் வினாத்தாள் 8 நிமிடம் தாமதமாகக் கிடைத்தது. இழந்தது மாணவர்களின் நேரம். மீண்டும் அப்படி நேரவே கூடாது.

பாட ஆசிரியர்களின் பணி (அறை 1, அறை 2, கூடுதல் என்ற வரிசையில்):

திங்கள், தமிழ்: கணிதம், இயற்பியல், உடற்கல்வி
செவ்வாய், ஆங்கிலம்: வேதியியல், தமிழ், வரலாறு
புதன், கணிதம்: உயிரியல், ஆங்கிலம், ஓவியம்
வியாழன், வேதியியல்: வரலாறு, தமிழ், உடற்கல்வி
வெள்ளி, இயற்பியல்: வேதியியல், கணிதம், ஓவியம்

இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறேன். வேதியியல் ஆசிரியையை அவரது பாடத் தேர்வன்றே தவறுதலாக நியமித்திருந்தேன். வியாழனன்று அவருக்குப் பதில் வரலாற்று ஆசிரியர் வருவார், வெள்ளியன்று வரலாற்று ஆசிரியரின் இடத்தில் அவர் வருவார். புதனன்று மருத்துவமனை செல்லும் தமிழாசிரியருக்குப் பதிலாக ஆங்கில ஆசிரியை. செவ்வாய்க்கிழமை இவரது பணியைத் தமிழாசிரியர் ஏற்கிறார். கேட்டவுடன் ஒப்புக்கொண்ட இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

வேறு மாற்றம் தேவையெனில், இடம் மாறச் சம்மதிப்பவரின் பெயருடன் சனிக்கிழமை மாலை 4 மணிக்குள் எனக்குத் தெரிவியுங்கள். உங்களுக்குள் பேசி மாற்றிக்கொண்டு தெரிவிக்காமல் விட்டுவிடாதீர்கள். கைப்பேசியை அலுவலகத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள்.

தேர்வுப் பொறுப்பாளர்