நிகர சொத்து மதிப்புச் சான்றிதழ்

தேதி: 12.04.2025, மதுரை
பெறுநர்: விசா அதிகாரி அவர்களுக்கு

மதுரை, அண்ணா நகரில் வசிக்கும் திரு. க. செல்வராஜ், தம் மகளின் மாணவர் விசா விண்ணப்பத்துக்காகக் கேட்டுக்கொண்டதன் பேரில் இந்தச் சான்றிதழை வழங்குகிறேன். அவர் தந்த ஆவணங்களையும் கையொப்பமிட்ட உறுதிமொழியையும் சரிபார்த்ததில், 31.03.2025 அன்று அவருடைய நிலை:

அசையாச் சொத்து
அடுக்குமாடி வீடு: ரூ. 68,00,000

அசையும் சொத்து
தங்க நகை, 320 கிராம்: ரூ. 25,60,000
வைப்பு நிதி: ரூ. 14,50,000
மியூச்சுவல் ஃபண்ட்: ரூ. 11,40,000
பிபிஎஃப்: ரூ. 9,75,000
சேமிப்புக் கணக்கு: ரூ. 2,15,000

மொத்தம்: ரூ. 1,31,40,000

கழிக்க: வீட்டுக் கடன் ரூ. 21,85,000, கிரெடிட் கார்டு பாக்கி ரூ. 42,000

நிகர மதிப்பு: ரூ. 1,09,13,000 (ஒரு கோடியே ஒன்பது லட்சத்துப் பதின்மூன்றாயிரம் மட்டும்)

வீட்டின் மதிப்பு, பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் 02.04.2025 தேதியிட்ட அறிக்கைப்படி. வாங்கிய விலையோ அரசு வழிகாட்டி மதிப்போ அல்ல. நகைக்குத் தனி மதிப்பீட்டாளரின் அறிக்கை உண்டு. அதில் கல், அரக்கு எடை கழிக்கப்பட்டு, தங்கம் மட்டுமே கணக்கில் வருகிறது. ஃபண்டுக்கு 31.03.2025 நிலவரப்படியான யூனிட் மதிப்பு.

தந்தை வழி நிலத்தில் அவருக்குப் பங்கு உண்டு என்கிறார். பாகப்பிரிவினை ஆகாததால் அதைச் சேர்க்கவில்லை. விசாச் செலவுக்கு உடனே எடுக்கக்கூடியவை சேமிப்பும் வைப்பு நிதியும்தான்: ரூ. 16,65,000.

இது தணிக்கை அறிக்கை அல்ல. மேற்சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே செல்லும்.

இணைப்பு: இரு மதிப்பீட்டு அறிக்கைகள், கிரயப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, வங்கி, ஃபண்டு, பிபிஎஃப் இருப்புச் சான்றுகள், கடன் மற்றும் கார்டு கணக்கு அறிக்கைகள், உறுதிமொழி.

ரா. மீனாட்சி
சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்
(உறுப்பினர் எண் முத்திரையிலும், யுடிஐஎன் எண் முகப்பிலும் உள்ளன)