அழித்து எழுதிய கடிதம்

திங்கட்கிழமை காலை இடாப்புக் கூப்பிட்டபோது தரம் 5இல் நிரோஜனின் இடம் வெறுமையாக இருந்தது. அவன் வீட்டுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, நாலாக மடித்த கொப்பித் தாளை என் மேசையில் வைத்துவிட்டு ஓடினாள். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் நேரத்தில் லீவா என்ற எரிச்சலோடுதான் அதைப் பிரித்தேன்.

"மதிப்புக்குரிய டிச்சர் அவர்களுக்கு,
எனது மகண் நிறோஜனுக்கு காச்சல். ஆகையால் அவன் திங்கல், செவாய், புதண் மூன்று நாட்களும் பாடசாளைக்கு வர மாட்டான். தயவுசெய்து லீவு தறவும்.
இப்படிக்கு,
அமமா"

கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடங்களாகப் படிப்பிக்கிறேன். மூட்டை தூக்குகிறவர்களும் வீட்டு வேலைக்குப் போகிறவர்களும் எழுதி அனுப்பும் கடிதங்களில் பிழை இல்லாமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம். அவற்றில் நான் ஒருநாளும் சிவப்புப் பேனை வைத்ததில்லை. பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு விட்ட ஒருவர் பேனையைத் தேடி எடுத்து எழுதியதே பெரிய காரியம் என்பது என் எண்ணம். ஆகவே இந்தக் கடிதத்தையும் இடாப்புக்குள் வைத்து மூடியிருப்பேன். ஆனால் அதன் பிழைகள் எனக்கு ஒத்துவரவில்லை.

எழுத்துத் தெரியாதவர் கடினமான சொல்லில்தான் இடறுவார். இந்தக் கடிதத்திலோ 'மதிப்புக்குரிய', 'ஆகையால்', 'தயவுசெய்து' எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் நிற்க, 'மகன்', 'புதன்' போன்ற சின்னச் சொற்கள் சரிந்து கிடந்தன. பெரிய படியெல்லாம் ஏறி வந்தவர் வாசற்படியில் விழுந்ததுபோல இருந்தது. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பென்சிலால் எழுதப்பட்ட கடிதம். 'புதண்' என்பதன் கடைசி எழுத்துக்குக் கீழே, அழிறப்பர் முழுதாகத் தின்றுவிடாத ஒரு 'ன்' மங்கலாகத் தெரிந்தது. 'பாடசாளை'யின் 'ளை'க்கு அடியில் 'லை' இருந்தது. கடைசிச் சொல்லில் முதலாவது 'ம'வின் தலைக்கு மேல் தாள் தேய்ந்து, மயிர் எழும்பி நின்றது. அங்கே வைத்த புள்ளியைத்தான் அழித்திருக்கிறான்.

சொல்வதெழுதலில் தவறாமல் பத்துக்குப் பத்து எடுக்கிற பிள்ளை அவன். சரியாக எழுதிப் பழகிய கை தன்னையறியாமல் சரியாகவே எழுதிவிட, பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிழையாக்கியிருக்கிறான்.

முதலாம் தவணையில் அவன் தாய் எழுதிய கடிதத்தை அலுமாரியிலிருந்து தேடி எடுத்தேன். அதிலும் 'டிச்சர்'தான், 'காச்சல்'தான். அந்த இரண்டையும் அப்படியே தாயிடமிருந்து எடுத்திருக்கிறான். ஆனால் பிழை மலிந்த அந்தக் கடிதத்தில் 'நிரோஜன்' என்ற பெயர் மட்டும், மற்ற எழுத்துகளைவிடச் சற்றுப் பெரிதாக, பிசகில்லாமல் எழுதப்பட்டிருந்தது. பெற்றவள் எந்தச் சொல்லைத் தவறவிட்டாலும் அந்தச் சொல்லைத் தவறவிடவில்லை. அம்மாவைப் போலவே எழுத நினைத்த பிள்ளைக்கு அது மட்டும் தெரிந்திருக்கவில்லை.

தாய் வீட்டில் இருந்திருந்தால் அவளே எழுதியிருப்பாள். கடைசிப் பெற்றோர் கூட்டத்துக்கும் அவள் வரவில்லை. தகப்பன்தான் புறக்கோட்டையில் நாட்டாமை வேலையை விட்டுவிட்டு வந்து, எதையும் கேட்காமல் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். வீட்டில் ஒரு கைக்குழந்தை இருப்பதும் எனக்குத் தெரியும். கைக்குழந்தையை விட்டுவிட்டுத் தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போனால், அந்த வீடு அதை வெளியில் சொல்லாது.

ஒன்றரைக்குப் பாடசாலை விட்டதும் ஜம்பட்டா வீதி வழியாக நடந்து ஜிந்துப்பிட்டிக்குப் போனேன். தோட்டத்து ஒழுங்கையில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. கதவு பாதி திறந்திருந்தது. நிரோஜன் தங்கச்சியை இடுப்பில் வைத்தபடி, மறுகையால் பால்போத்தலைக் குலுக்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

"அம்மா கடைக்குப் போயிருக்காங்க, டீச்சர்."

"சரி மகன். அப்பம்மா எங்கே?"

"பெரியாஸ்பத்திரியில. வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போனாங்க." சிறிது நேரம் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். "காய்ச்சல் எனக்குத்தான் டீச்சர். இப்ப சுகம்."

காய்ச்சல் என்ற சொல்லை ஓர் எழுத்தும் விடாமல் உச்சரித்தான். கடிதம் என் கைப்பைக்குள் இருந்தது. அதை நான் வெளியில் எடுக்கவில்லை.

"பாப்பா பால் குடிச்சாளா?"

"குடிக்கிறாள் இல்ல. தண்ணி கூடிப்போச்சு போல." குரல் உடைந்தது. "எத்தனை கரண்டி போடணும்னு அம்மா போன்ல சொன்னாங்க. மறந்துட்டேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். போத்தலை வாங்கி, மாப்பேணியைத் திருப்பி, அதில் எழுதியிருந்ததை அவனையே வாசிக்கச் சொன்னேன்.