சித்தியின் பட்டா மனு

சித்தி,

மனு கீழே இருக்கிறது. முதல் வரைவை சாட்பாட்டில்தான் எழுத வைத்தேன். அரை நிமிஷத்தில் தந்துவிட்டது. அதைச் சரிபார்க்கத்தான் இரண்டு ராத்திரி ஆனது. உங்கள் ஆதார் எண்ணை அதில் போடவில்லை, கவலைப்படாதீர்கள்.

நில அளவில் பெரிய கோளாறு. பட்டாவில் 0 - 40.50 என்று இருப்பதை அது நாற்பதரை சென்ட் என்று எழுதிவிட்டது. அது ஹெக்டேர், ஏர் கணக்கு. ஒரு ஏர் என்பது 2.47 சென்ட், நாற்பதரை ஏர் என்றால் 100 சென்ட், சித்தப்பா எப்போதும் சொன்ன அதே ஒரு ஏக்கர். கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் பாதிக்குமேல் நிலம் மனுவிலேயே காணாமல் போயிருக்கும்! பசலியையும் 2025 என்று போட்டிருந்தது. ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிற கணக்கு அது. இந்த 2025 மே மாதத்தில் நடப்பது 1434. ஏதோ ஓர் அரசாணை எண்ணும் தேதியும் வேறு கொடுத்திருந்தது. எங்கே தேடியும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை, எடுத்துவிட்டேன்.

மரியாதைச் சொற்கள் இன்னொரு கூத்து. அதிகாரிக்கு 'மாண்புமிகு' போட்டிருந்தது. அது அமைச்சருக்கும் நீதிபதிக்கும் போடுவது. 'அன்புள்ள ஐயா' என்று தொடங்கி, 'முன்கூட்டியே நன்றி' என்று முடித்திருந்தது. கையெழுத்தில் உங்களுக்கு நீங்களே 'திருமதி' போட்டுக்கொள்வதாகவும் இருந்தது. எல்லாம் போயாச்சு. 'ஏழை விதவையாகிய நான்' என்ற வரியையும் அடித்துவிட்டேன். உங்கள் பேரில் வரவேண்டிய பட்டாவைத்தானே கேட்கிறீர்கள், அதற்கு அந்த அழுகை எதற்கு?

ஒன்று நம் தப்பு. நீங்கள் போனில் சொன்னபோது தேன்மொழி பேரை விட்டுவிட்டீர்கள், நானும் அப்படியே தட்டிவிட்டேன். கல்யாணமாகிப் போனாலும் அவளும் வாரிசு. வாரிசுச் சான்றிதழிலும் மூன்று பேர்தான். சித்தப்பாவின் அம்மா இருந்திருந்தால் அவர்களும் வாரிசுதான், அதனால் அவர்கள் முன்பே காலமானதையும் சேர்த்தேன். தேதிகளையும் எண்களையும் நீங்கள் அனுப்பிய போட்டோவோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். நீங்களும் அசல் தாள்களை வைத்துக்கொண்டு ஒருமுறை விரல் வைத்துப் படியுங்கள். போன் நம்பரைக் கையெழுத்துக்குக் கீழே பேனாவால் எழுதிவிடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளாமல் வராதீர்கள். இ-சேவையில் பதியச் சொன்னால் இதே தாள்கள் போதும். அசலை மட்டும் யார் கேட்டாலும் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

கயல்

மனு

அனுப்புநர்

சு. மங்கையர்க்கரசி (வயது 58),
க/பெ. (காலஞ்சென்ற) வை. சுந்தரமூர்த்தி,
2/47, வடக்குத் தெரு,
கீழமங்கலம் கிராமம்,
திருவையாறு வட்டம்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்

வருவாய்த் தீர்வாய அலுவலர் அவர்கள்,
1434 ஆம் பசலி வருவாய்த் தீர்வாயம்,
வட்டாட்சியர் அலுவலகம்,
திருவையாறு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: பட்டா மாறுதல் – தஞ்சாவூர் மாவட்டம், திருவையாறு வட்டம், கீழமங்கலம் கிராமம் – பட்டா எண் 418, புல எண் 112/3பி – பட்டாதாரர் காலமானதால் வாரிசுதாரர்கள் பெயரில் கூட்டுப் பட்டா வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. திருவையாறு சார்பதிவாளர் அலுவலக கிரையப் பத்திரம், ஆவண எண் 612/1998.
2. திருவையாறு வட்டாட்சியர் அவர்களால் வழங்கப்பட்ட வாரிசுச் சான்றிதழ், நாள் 22.02.2024.

வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் நிரந்தரமாகக் குடியிருந்து வருகிறேன். என் கணவர் வை. சுந்தரமூர்த்தி அவர்கள், கீழமங்கலம் கிராமம், புல எண் 112/3பி-இல் உள்ள 0.40.5 ஹெக்டேர் (ஒரு ஏக்கர்) நன்செய் நிலத்தை, பார்வை 1-இல் கண்ட பத்திரத்தின் மூலம் 1998 ஆம் ஆண்டு கிரையம் பெற்றார். அதன்பேரில் அவர் பெயரில் பட்டா எண் 418 வழங்கப்பட்டது. அன்று முதல் நிலம் எங்கள் குடும்பத்தின் அனுபவத்திலேயே இருந்து வருகிறது. நிலத்தில் ஆண்டுதோறும் நெல் சாகுபடி செய்து வருகிறோம்.

என் கணவர் 14.09.2023 அன்று காலமானார். அவருடைய பெற்றோர் இருவரும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டனர். பார்வை 2-இல் கண்ட சான்றிதழின்படி அவருடைய வாரிசுகள், மனைவியாகிய நானும், மகள் சு. தேன்மொழி (வயது 33), மகன் சு. இளவரசன் (வயது 29) ஆகியோரும் ஆவோம். எங்களைத் தவிர வேறு வாரிசுகள் இல்லை.

பட்டா இன்னும் என் கணவர் பெயரிலேயே இருப்பதால், பயிர்க் கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கும்போது உரிமைக்கான ஆதாரம் காட்ட இயலவில்லை. அடுத்த குறுவைப் பருவத்துக்குள் பட்டா கிடைத்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

வாரிசுகள் மூவரும் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொள்ளவில்லை. தற்போது பிரிக்கும் எண்ணமும் இல்லை. ஆகவே உட்பிரிவு ஏதும் கோரவில்லை. எங்கள் மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா வழங்க மகளும் மகனும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன். இந்நிலத்தின் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நிலுவையில் இல்லை என்பதையும், நிலம் வேறு எவருக்கும் விற்கப்படவோ அடமானம் வைக்கப்படவோ இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

எனவே, இணைப்பில் உள்ள ஆவணங்களைப் பரிசீலித்து, உரிய விசாரணைக்குப் பின், கீழமங்கலம் கிராமம், புல எண் 112/3பி, 0.40.5 ஹெக்டேர் நிலத்துக்கான பட்டா எண் 418-இல் என் கணவர் பெயரை நீக்கி, சு. மங்கையர்க்கரசி, சு. தேன்மொழி, சு. இளவரசன் ஆகிய எங்கள் மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா வழங்க ஆவன செய்யுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு அசல் ஆவணங்களுடன் நேரில் வரத் தயாராக உள்ளேன்.

நன்றி.

இடம்: கீழமங்கலம்
நாள்: 20.05.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

சு. மங்கையர்க்கரசி

இணைப்பு (நகல்கள்):
1. பட்டா எண் 418
2. கிரையப் பத்திரம், ஆவண எண் 612/1998
3. கணவரின் இறப்புச் சான்றிதழ்
4. வாரிசுச் சான்றிதழ்
5. மகள், மகன் சம்மதக் கடிதம் (அசல்)
6. வாரிசுகள் மூவரின் ஆதார் அட்டைகள்
7. வில்லங்கச் சான்றிதழ்