வொர்க்கும் வேலையும்

நான் பாடம் எடுப்பது ஆங்கில வழிப் பிரிவில். பெயர்தான் ஆங்கில வழி. வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர் அந்த வகுப்பறையில் ஒருவரும் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான்.

போன மாதம் என் இயற்பியல் வகுப்பு ஒன்றைப் போனில் பதிவு செய்து கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. வரையறையும் சூத்திரமும் ஆங்கிலத்தில். விளக்கம், கிண்டல், திட்டு எல்லாம் தமிழில். நான் ஆங்கிலத்துக்குத் தாவியதும் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்கிறது. தமிழுக்கு வந்ததும் அது நின்றுவிடுகிறது. தமிழ் கேட்பதற்கு, ஆங்கிலம் மார்க்குக்கு என்று பிள்ளைகளைப் பழக்கியது நான்தான்.

அன்றைய பாடம் வொர்க். W = F × s என்று எழுதி, பொருள் நகராவிட்டால் வொர்க் ஸீரோ என்றேன். "யெஸ் மிஸ்" என்று எழுதிக்கொண்டார்கள். அப்புறம் தமிழில், "தலையில் செங்கலோடு அசையாமல் நின்றால், செங்கல் மீது செய்த வேலை சுழியம்" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்துவிட்டாள்.

"அதெப்படி மிஸ்? எங்கம்மா சித்தாள் வேலைக்குத்தான் போறாங்க. சும்மா நின்னாலே கழுத்து வலிக்குமே, அது வேலை இல்லையா?"

வொர்க் ஸீரோ ஆனபோது யாருக்கும் கோபம் வரவில்லை. வேலை சுழியம் ஆனதும் அம்மாவின் கழுத்து நினைவுக்கு வந்துவிட்டது. அன்றுதான் எனக்குப் பாடம் நடத்தவே வந்தது. எட்டு செங்கல், ஒன்று 3 கிலோ என்றால் 24 கிலோ, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 24 × 9.8 × 1.5, சுமார் 353 ஜூல். அதோடு செங்கல் கணக்கு முடிந்தது. ஆனால் சுமையைத் தாங்கி நிற்கும்போதும் தசை நார்கள் ஓயாமல் இழுத்துத் தளர்ந்துகொண்டே இருக்கின்றன. அதற்கு உடம்பு ஆற்றலைச் செலவழிக்கிறது. வலியும் களைப்பும் அதனால்தான். கூலி அதற்கும் சேர்த்துத்தானே என்றாள். ஆமாம் என்றேன்.

தமிழே எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். திசைவேகம் என்றால் சொல்லிலேயே திசை இருக்கிறது. வெலாசிட்டியில் அது தெரிவதில்லை. ஆனால் வீட்டுத் தமிழில் வெப்பமும் வெப்பநிலையும் ஒரே 'சூடு'தான். அங்கே ஹீட், டெம்பரேச்சர் என்று இரண்டு அந்நியச் சொற்கள் இருப்பது எனக்கு வசதி.

வகுப்புத் தேர்வில் அந்தப் பெண் வரையறையை ஆங்கிலத்தில் ஒரு வரியும், அதற்குக் கீழே செங்கல் கதையைத் தமிழில் பத்து வரியும் எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். பொதுத்தேர்வில் இப்படி எழுதாதே என்று ஓரத்தில் எழுதப் போனவள், எந்த மொழியில் எழுதுவது என்று தெரியாமல் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.