காரணம் கேட்கும் குறிப்பாணைக்குப் பதில்

அனுப்புநர்: கிடங்கு எழுத்தர், இரவு ஷிப்ட்
பெறுநர்: மேலாளர், மனிதவளப் பிரிவு
நாள்: மார்ச் 17

ஐயா,

மார்ச் 12 தேதியிட்ட குறிப்பாணை 14 அன்று கிடைத்தது. குற்றச்சாட்டு வரிசைப்படியே பதில் தருகிறேன்.

1. மார்ச் 3, 4, 5 தேதிகளில் தாமதம்: முதல் இரு நாட்களும் 20 நிமிடம் தாமதமானது உண்மை, வருந்துகிறேன். 5ஆம் தேதி எனக்கு வார விடுமுறை.

2. இருப்பில் 6 பெட்டிகள் குறைவு: மறுக்கிறேன். அவை சேதமடைந்தவை. 7ஆம் தேதியே தனியே எடுத்து வைத்து, ரிட்டர்ன் பதிவேட்டில் ஏற்றி, ஷிப்ட் பொறுப்பாளரின் கையொப்பமும் பெற்றிருக்கிறேன் (நகல்: இணைப்பு 1). இருப்பு எடுக்க வந்தவர்கள் அந்தப் பதிவேட்டைக் கேட்கவே இல்லை.

3. மரியாதைக் குறைவாகப் பேசியது: மறுக்கிறேன். யாரிடம், என்று, என்ன பேசினேன் என்பது குறிப்பாணையில் இல்லை. புகாரின் நகல் தந்தால் விரிவாக விளக்குகிறேன்.

மேல்நடவடிக்கையைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கிடங்கு எழுத்தர்