ஒரு மழைக்காலத்து ரேட்டிங் கருத்துகள்: அல்சூர், பெங்களூரு

★★★★★
கேப், அல்சூர் – விமான நிலையம், அதிகாலை 3.50

3.45-க்கே கீழே வந்து நின்றார். ஹாரன் அடிக்கவில்லை, போன் மட்டும் செய்தார். கிளம்பும் முன் “டி1ஆ, டி2வா மேடம்?” என்று கேட்டுக்கொண்டார். சின்னக் கேள்விதான், ஆனால் போன தடவை வந்தவர் கேட்காததால் பாதை பிரியும் இடத்தில் தவறி ஒரு முழுச் சுற்று சுற்றினோம். ஹெப்பால் தாண்டி ரோடு காலியாகக் கிடந்தும் 80-க்கு மேல் போகவில்லை. பின்சீட்டு பெல்ட் வேலை செய்தது. இதையெல்லாமா எழுதுவார்கள் என்று கேட்காதீர்கள், பாதி வண்டிகளில் அந்தக் கொக்கி சீட்டுக்குள் புதைந்து கிடக்கிறது.

★★★★★
சாப்பாடு டெலிவரி, இரவு 9.20

ஆப் காட்டிய நேரத்தைவிட 35 நிமிடம் தாமதம். அதில் 25 நிமிடம் ஹோட்டல் வாசலிலேயே போனது. பார்சல் ரெடியாகவில்லை என்று அவரே அங்கிருந்து போன் செய்து சொல்லிவிட்டார். எடுத்த பிறகு மழையிலும் 10 நிமிடத்தில் வந்து சேர்ந்தார். சீல் பிரியவில்லை, குழம்பு சிந்தவில்லை. தாமதத்துக்கான கருத்தை ஹோட்டல் பக்கத்தில் தனியாகப் போட்டுவிட்டேன்.

★★
கேப், அல்சூர் – ஒயிட்ஃபீல்டு, காலை 8.30

வண்டி சுத்தம், ஏசி கேட்காமலே போட்டார், வழியும் சரி. ஆனால் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் போனை வைத்து, ஓட்டிக்கொண்டே வீடியோ பார்த்தார். டின் ஃபேக்டரி நெரிசலில் முன்னால் நின்ற பஸ்ஸை இரண்டு முறை கடைசி நொடியில்தான் கவனித்தார். நிறுத்தச் சொன்னேன். “சரி மேடம்” என்று நிறுத்தினார், அதற்காக ஒரு ஸ்டார் கூட்டினேன். கே.ஆர்.புரம் தாண்டியதும் மறுபடி ஆரம்பம். அந்த ஸ்டாரைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

★★★★★
கேப், அல்சூர் – செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரி, காலை 10.15

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். காலை மடக்க முடியாது. அதை மெசேஜில் முன்கூட்டியே எழுதியிருந்தேன். டிரைவர் அண்ணா வந்து இறங்கியதும் முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, சாய்வையும் இறக்கி வைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார். வாக்கரை டிக்கியில் போட்டால் கேஸ் சிலிண்டரோடு இடித்துச் சத்தம் போடும் என்று பின்சீட்டில் என் பக்கத்தில் நிற்க வைத்தார். ஈஜிபுராவில், 2017-இல் வேலை தொடங்கிய அந்த மேம்பாலத் தூண்கள் ஓரமாக வரும் பள்ளங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் “அம்மா, குலுங்கும்” என்று சொல்லி மெதுவாக இறக்கி ஏற்றினார். பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்குக் கண்ணாடியிலேயே கையைக் காட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரி கேட்டில் விடாமல் ஓபிடி வாசல் வரை உள்ளே கொண்டுபோனார். காத்திருப்புக் கட்டணம் ஆப் போட்டதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள், இவர் வந்தால் கேன்சல் செய்யாமல் இரண்டு நிமிடம் காத்திருங்கள். மேப்பில் தெரிவதைவிடச் சற்றுத் தாமதமாகத்தான் வருவார், அது அல்சூர் மார்க்கெட் தெருவின் குணம்.

★
கேப், இந்திரா நகர் 100 அடி ரோடு, மாலை 6.40

பயணமே நடக்கவில்லை. ஏற்றுக்கொண்ட பிறகு போன் செய்து எங்கே போகணும், கேஷா ஆன்லைனா என்று கேட்டார். ஆன்லைன் என்றதும், “நீங்க கேன்சல் பண்ணுங்க, நேரா வர்றேன், அம்பது ரூபாய் மேலே குடுங்க” என்றார். மறுத்தேன். அவரும் கேன்சல் செய்யாமல், வண்டியும் நகராமல் 14 நிமிடம் அதே இடத்தில் நின்றார். கடைசியில் நான் ரத்து செய்ததும் கட்டணம் என் தலையில் விழுந்தது. ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் கொடுத்ததில் அந்தப் பணம் திரும்பி வந்தது. மெட்ரோவில் வீட்டுக்கு வந்தேன்.

★★★★
பார்சல் டெலிவரி, மதியம் 1 (முதலில் ★★ கொடுத்திருந்தேன்)

முதலில் எழுதியது: “வீடு கண்டுபிடிக்கத் தெரியவில்லை, மூன்று முறை போன், பின் தெருவில் நின்று அங்கேயே வந்து வாங்கிக்கச் சொன்னார்.”

திருத்தம், அன்று மாலை: மேப்பில் என் லொகேஷன் தப்பாக இருந்தது. பழைய வீட்டின் இடம், நான் மாற்றவே இல்லை. அவர் மேப் காட்டிய இடத்தில் சரியாகத்தான் நின்றிருக்கிறார். மன்னிக்கவும். ஒரு ஸ்டார் குறைந்திருப்பது, வருவதற்கு முன்பே போனில் ஓடிபி கேட்டதற்கு மட்டும். பொருள் கைக்கு வந்த பிறகு கேளுங்கள் தம்பி, கேட்பது நீங்கள்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்?

★★★★★
மருந்து டெலிவரி, இரவு 11.05

இன்சுலின். பேக்கை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகாமல் கையில் கொடுத்தார். “ஐஸ் பேக் இன்னும் சில்லுன்னு இருக்கா, தொட்டுப் பாருங்க” என்றார். இருந்தது. சூடான சாப்பாட்டு ஆர்டரோடு ஒரே பையில் போடாமல் இதைத் தனியாக முன்னால் மாட்டி வந்திருந்தார்.

★★★★★
கேப், அல்சூர் – மெஜஸ்டிக் ரயில் நிலையம், மாலை, பலத்த மழை

மேப் ஒரு சுரங்கப்பாதை வழியாகப் போகச் சொன்னது. தூரத்திலிருந்தே தண்ணீர் நிற்பது தெரிந்தது. இவர் போகமாட்டேன் என்றார். ரயிலுக்கு நேரமாகிறது என்று எனக்குக் கோபம்தான். “2023-ல கே.ஆர். சர்க்கிள்ல காரோட மாட்டிச் செத்துப்போனாங்களே அந்தப் பொண்ணு, ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டேன். 12 நிமிடம் சுற்று, கட்டணம் 40 ரூபாய் கூடுதல். எந்த பிளாட்பாரம் என்று கேட்டு, எட்டு என்றதும் ஓக்கலிபுரம் பக்க வாசலில் இறக்கிவிட்டார், மேம்பாலப் படிகளில் பெட்டியோடு நடப்பது பாதி மிச்சம். ரயில் கிடைத்தது. சட்டைப் பையில் சிகரெட் வாடை லேசாக அடித்தது, அவ்வளவுதான் குறை.

★★★
மளிகை டெலிவரி, காலை 7.30

பொருள் சரி, முட்டை ஒன்றும் உடையவில்லை. ஆனால் வருவதற்கு ஒன்பது நிமிடம் முன்பே ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று அழுத்திவிட்டார். கதவைத் திறந்து பார்த்து, வாட்ச்மேனைக் கேட்டு, பக்கத்து வீட்டையும் கேட்டேன். வந்ததும், “டைம் முடியுது, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி” என்று, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கன்னடத்தில் கேட்டார். அந்த அவசரம் அவர் உண்டாக்கியது அல்ல. ஆனாலும் அழுத்தும்போது ஒரு போன் போட்டிருக்கலாம்.

★★★★★
சாப்பாடு டெலிவரி, இரவு 8

எங்கள் கட்டிடத்தில் டெலிவரிக்காரர்கள் சர்வீஸ் லிஃப்டில்தான் ஏறணும், அது பழுது. மற்ற லிஃப்டில் விடமாட்டேன் என்று செக்யூரிட்டி மறுக்க, நாலு மாடி நடந்தே ஏறி வந்தார். போன் செய்திருந்தால் நானே இறங்கியிருப்பேன். குறை எங்கள் சங்கத்துடையது, அங்கே எழுதிப் போட்டாயிற்று.

★★★★★
டிபன் டெலிவரி, காலை 8.10

சட்னி தனி, சாம்பார் தனி, இட்லி சூடு. கேஷ் கொடுத்தேன், 20 ரூபாய் சில்லறை இல்லை. “வெச்சுக்கோங்க” என்று சொல்லியும் கேட்காமல் கீழே டீக்கடையில் மாற்றி வந்து கொடுத்துவிட்டுப் போனார்.