உமையாள் ஆச்சிக்கு: ஜாக்கெட் தாமதம், அளவு பார்க்கும் நாள்

காரைக்குடி
12-01-2026, திங்கள்

மதிப்பிற்குரிய உமையாள் ஆச்சி அவர்களுக்கு,

செக்காலை டெய்லர் சேகர் எழுதுவது. ஐயாவும் நீங்களும் நலமா? பொங்கல் நல்வாழ்த்துகள்.

பொங்கலுக்கு முன்னால், 13-ந் தேதிக்குள் எல்லா உருப்படியையும் முடித்து சென்னைக்கு கூரியர் போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது முடியவில்லை. மூன்று உருப்படி தயார், உங்கள் ஜாக்கெட் இரண்டும் நிற்கின்றன. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதிவிடுகிறேன். உங்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயமும் ஒன்று இருக்கிறது.

முதலில் முடிந்தவை. ஐயாவின் பட்டுச் சட்டை தைத்துக் காஜா எடுத்து, பட்டன் வைத்து, இஸ்திரி போட்டு மடித்தாயிற்று. மருமகளின் பச்சை ஜாக்கெட்டும் பேரனின் சட்டையும் அப்படியே. பேரனுக்குக் கையிலும் நீளத்திலும் உள்ளே இரண்டு அங்குலம் மடித்து விட்டிருக்கிறேன். வளரும் பிள்ளை, அடுத்த தீபாவளிக்குப் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

இனி உங்கள் ஜாக்கெட். மணிவிழாவுக்கு நீங்கள் கொடுத்தது இரண்டு: காலையில் கலசத் தண்ணீர் ஊற்றும்போது கட்டுகிற கண்டாங்கிக்கு அரக்குக் காட்டன் ஜாக்கெட், அதற்கப்புறம் மாற்றுகிற மாம்பழப் பட்டுக்கு அரக்குப் பட்டு ஜாக்கெட், ஆரி வேலையோடு. இரண்டுக்கும் ஒரே அரக்கு என்பதால் லைனிங் துணியை ஒன்றாகவே மதுரையிலிருந்து வரவழைத்தேன்.

லைனிங்கை நான் அப்படியே வெட்டுவதில்லை. காட்டன் லைனிங் முதல் துவைப்பில் சுருங்கும். மேல்துணி சுருங்காமல் லைனிங் மட்டும் சுருங்கினால் ஜாக்கெட் முதுகில் சுருட்டிக்கொண்டு நிற்கும். அதனால் இரவு முழுக்க உப்புப் போட்ட தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரி வைப்பேன். அரக்குத் துணியில் முதல் தண்ணீரில் கொஞ்சம் சாயம் இறங்குவது சகஜம். இது இரண்டாவது தண்ணீரிலும் இறங்கியது, மூன்றாவதிலும் இறங்கியது. சந்தேகத்தில் ஈரத்துணி மேல் ஒரு வெள்ளை வாயில் துண்டை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி எடுத்தேன். வெள்ளைத் துண்டு ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது, ஓரம் முழுக்க.

சாதாரண விசேஷத்துக்குப் போடுகிற ஜாக்கெட் என்றால் வியர்வைக்கு அக்குளில் மட்டும் கறை படியும், அதையே நான் கொடுக்க மாட்டேன். இது கலசத் தண்ணீரில் தலையோடு நனையப் போகிற ஜாக்கெட். தண்ணீர் ஊற்றியதும் சாயம் இறங்கினால் கண்டாங்கியின் மஞ்சள் கட்டம் முழுக்க சிவப்பாகும். போட்டோ வீடியோ எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை யார் தாங்குவது? அதனால் அந்தத் துணி முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டேன்.

லைனிங்கே இல்லாமல் தைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். காட்டன் நனைந்தால் உடம்போடு ஒட்டும், உள்ளே இருப்பது தெரியும். அத்தனை பேர் சுற்றி நிற்கிற இடத்தில் அது சரிப்படாது. உடம்பு நிறத்தில் லைனிங் வைத்தால் சாயப் பயம் கிடையாது. ஆனால் கழுத்து ஓரத்தில் உள்பக்கம் எட்டிப் பார்க்கும், அரக்கில் அது பளிச்சென்று தெரியும். யோசித்துவிட்டு ஈரோட்டிலிருந்து வேறு துணி வரவழைத்தேன். பொங்கல் நேரம், பார்சல் எல்லாம் தேங்கிக் கிடந்து தாமதமாகத்தான் வந்தது. வந்ததை அதே மாதிரி ஊறவைத்து, வெள்ளைத் துண்டு வைத்துப் பார்த்துவிட்டேன். சுத்தமாக இருக்கிறது. அதில் ஒரு சிறு துண்டை இந்தக் கடிதத்தோடு பின் குத்தி வைத்திருக்கிறேன். நீங்களும் ஒரு தடவை நனைத்துப் பாருங்கள்.

தாமதத்துக்குக் காரணம் இவ்வளவுதான். இரண்டாவது துணிக்கு உங்களிடம் காசு வாங்கப் போவதில்லை. பேசிய கூலியே கூலி.

இப்போது முடிவு செய்ய வேண்டிய விஷயம். நீங்கள் கூரியரில் அனுப்பிய அளவு ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பக்கத் தையலை இரண்டு தடவை பிரித்து விட்ட ஊசித் தடம் இருக்கிறது, கையிலும் ஒரு தடவை விட்டிருக்கிறது. இனி விடுவதற்கு உள்ளே துணியே இல்லை. அதாவது அந்த அளவு இப்போதைய அளவுதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. காட்டன் என்றால் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டுத் தைத்து அப்புறம் சரிசெய்துவிடலாம். ஆரி அப்படியல்ல. துணியை ஃப்ரேமில் இழுத்துக் கட்டி, கழுத்து கை எல்லாம் கோடு போட்டு, வேலை முடிந்த பிறகுதான் வெட்டுவோம். கோடு அரை அங்குலம் தள்ளிப் போனால் ஜர்தோசியைப் பிரிக்க வேண்டும், பிரித்த இடத்தில் பட்டில் ஓட்டை நிற்கும்.

இதுவரை பின் கழுத்தும் இரண்டு கைகளும் ஆரி முடிந்துவிட்டன. பின் கழுத்தில் நீங்கள் காட்டிய அன்னம் ஜோடிதான் போட்டிருக்கிறோம், நன்றாக வந்திருக்கிறது. முன் பகுதியை மட்டும் தொடாமல் ஃப்ரேமிலேயே விட்டு வைத்திருக்கிறேன். அதற்குக் காரணம் கழுத்திரு.

அன்றைக்குக் கழுத்திரு கட்டிக்கொள்வீர்கள் அல்லவா? நீங்கள் சொன்ன டிசைன்படி முன் கழுத்தைச் சுற்றி ஜர்தோசியும் கட் பீட்ஸும் வந்தால், கழுத்திருவின் உருப்படிகள் சரியாக அதன் மேல்தான் உட்காரும். அவ்வளவு கனமான தங்கம் ஜர்தோசிச் சுருளின் மேல் உரசினால் சுருள் பிரிந்து கம்பியாக நீட்டிக்கொள்ளும், கழுத்திருவின் மஞ்சள் நூலில் போய் மாட்டும். மாலை மாற்றக் கையைத் தூக்கும்போது நூல் இழுபட்டால் சங்கடம். என் யோசனை இது: முன் கழுத்துக்கு வெறும் சரிகை பைப்பிங் மட்டும், ஒட்டி ஒரு வரி சங்கிலித் தையல். வேலைப்பாடு எல்லாம் முதுகிலும் கையிலும் இருக்கட்டும். முன்பக்கத்தைக் கழுத்திருவே மறைத்துவிடும், அதற்கடியில் இத்தனை ஆயிரம் ரூபாய் வேலையை யார் பார்க்கப் போகிறார்கள்? கூலியிலும் 1,200 ரூபாய் குறையும். இல்லை, சொன்ன டிசைனேதான் வேண்டும் என்றால் கழுத்தை ஒரு அங்குலம் இறக்கிப் போட்டுத் தருகிறேன். ஆனால் அதை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்யலாம்.

ஆகவே ஒரு தடவை நீங்கள் நேரில் வந்து போட்டுப் பார்க்க வேண்டும். எனக்குத் தோதான நாள் ஜனவரி 24, சனிக்கிழமை. ராகு காலம் 10:30-க்கு முடிந்துவிடும், 11 மணிக்கு வைத்துக்கொள்வோமா? அதற்குள் காட்டன் ஜாக்கெட்டை ஓட்டுத்தையலில் தயாராக வைத்திருப்பேன். அதைப் போட்டுப் பார்த்துத் தோள், கைக்குழி, கழுத்து எல்லாம் குறித்துக்கொண்டு, அதே அளவில் பட்டை வெட்டிவிடுவேன். அரை மணி நேர வேலை.

வெள்ளிக்கிழமை மதியம் பல்லவனில் ஏறினால் ராத்திரி காரைக்குடியில் இறங்கிவிடலாம். எப்படியும் விழாவுக்கு முன்னால் கானாடுகாத்தான் வீட்டைத் திறந்து சுத்தம் செய்ய ஒரு தடவை வர வேண்டியிருக்கும் என்று சொன்னீர்கள், அதோடு சேர்த்துக்கொண்டால் உங்களுக்கு இன்னொரு அலைச்சல் இல்லை. அப்படி வந்தால் கடைக்கு வரவேண்டாம், நானும் என் வீட்டு அம்மாவும் துணிமணியோடு அங்கேயே வந்துவிடுகிறோம். உங்கள் வளவில் பகல் வெளிச்சம் நேராக விழும். கடை டியூப்லைட்டில் அரக்கு கறுப்பாகத் தெரியும், அங்கே நிறம் நிறமாகவே தெரியும். அளவு எடுப்பது, பின் குத்துவது எல்லாம் என் வீட்டு அம்மாதான், நான் பட்டாலையிலேயே உட்கார்ந்து எழுதிக்கொள்வேன். விழாவன்று உள்ளே என்ன போடுவீர்களோ அதையே போட்டுக்கொண்டு வந்தால் அளவு சரியாக அமையும் என்று சொல்லச் சொன்னாள். கழுத்திரு லாக்கரில் இருந்தால் இதற்காக எடுக்க வேண்டாம். கட்டினால் எது வரை இறங்கும் என்று பழைய போட்டோ ஒன்று போனில் இருந்தால் போதும்.

சனிக்கிழமை ஒத்துவராது என்றால் 26-ந் தேதி திங்கள், குடியரசு தினம், காலை 9 மணிக்கு மேல் வரலாம். அதற்கு மேல் தள்ளினால் எனக்குக் கஷ்டம். பிப்ரவரி 1 தைப்பூசம். கடையில் எனக்கு உதவிக்கு இருக்கிற தம்பி மாலை போட்டிருக்கிறான், குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடை கிளம்பிவிடுவான். அவன் போனால் காஜாவும் கொக்கியும் நானே உட்கார்ந்து கட்ட வேண்டும். அவனைப் போகாதே என்று சொல்ல எனக்கும் வாய் வராது, நேர்த்திக்கடன். அந்த வாரம் புது ஆர்டர் எதையும் எடுக்கவில்லை, உங்கள் வேலை மட்டும்தான் மெஷினில் இருக்கும்.

24-ந் தேதி பார்த்துவிட்டால் 31-ந் தேதி சனிக்கிழமை மாலை எல்லாம் உங்கள் கையில் இருக்கும். விழா 8-ந் தேதி ஞாயிறு. நடுவில் ஒரு வாரம் கிடைக்கும், போட்டுப் பார்த்து எங்கேயாவது பிடித்தால் பிரித்துத் தைக்கலாம். பொங்கலுக்கு முன்னால் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தால் உங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும், அது எனக்குத் தெரிகிறது.

முடிந்த மூன்றையும் இப்போதே கூரியரில் அனுப்பவா, 24-ந் தேதி நேரில் தரவா? பட்டுச் சட்டையைக் கூரியரில் மடித்து அனுப்ப எனக்கு மனமில்லை, மடிப்பு விழுந்துவிடும். மற்றபடி உங்கள் விருப்பம். பாக்கிப் பணம் எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் 3,000 ரூபாய் நோட்டில் வரவு வைத்திருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுங்கள்: 24-ஆ 26-ஆ, கடையிலா வீட்டிலா. பகலில் மெஷின் சத்தத்தில் போன் கேட்காது, இரவு எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். முன் கழுத்து விஷயத்தை மருமகளிடமும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

ஐயாவிடம் என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
சேகர்
தையல்காரர், செக்காலை, காரைக்குடி

பி.கு: கண்டாங்கிக்கு ஃபால்ஸ் அடிக்கச் சொல்லியிருந்தீர்கள். அந்தக் கனத்துக்கு ஃபால்ஸ் தேவையே இல்லை, தண்ணீரில் நனைந்தால் ஃபால்ஸ் துணி காயாமல் காலைச் சுற்றிக்கொள்ளும். அதனால் அடிக்கவில்லை, கீழ் ஓரம் மட்டும் மடித்துத் தைத்திருக்கிறேன். பட்டுக்கு அடித்தாயிற்று.